மூன்றாம் கட்டத்து எழுத்து

திருச்சபை மாத இதழில் வரும் வேதாகமக் குறுக்கெழுத்துப் போட்டியில் ராஜையா சார் மூன்று வருடமாக முதல் பரிசு வாங்குகிறார். அந்த மூன்று வருடமும் அவருக்கு விடை தேடிக் கொடுத்தது ஷீனா.

ஷீனாவுக்கு அமரவிளை ரோட்டோரம் ஒரு டிடிபி கடையில் வேலை. குடும்பத்தில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள். படித்தது கம்ப்யூட்டர், செய்வது ஜெராக்ஸ். ஓய்ந்த நேரங்களில் வேதாகமத்திலும் அகராதியிலும் இருந்து நாற்பதாயிரம் வார்த்தைகளைச் சேர்த்து, அதில் தேட ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தாள். தெரிந்த எழுத்தை அதன் கட்டத்தில் போட வேண்டும், தெரியாத கட்டத்துக்கு ஒரு கேள்விக்குறி. அந்த அச்சில் பொருந்துகிற வார்த்தைகள் மட்டும் வந்து நிற்கும். ‘கோ’ என்பது நமக்கு ஒரு கட்டம், மெஷினுக்கு இரண்டு துண்டு. அதை ஒன்றாக எண்ணப் பழக்கத்தான் அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது.

சார் ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், சபை பள்ளிக்கூடக் கமிட்டிச் செயலாளர். குறிப்பை ஒருநாளும் சொல்லமாட்டார். சொன்னால் இவளே எழுதி அனுப்பிவிடுவாளோ என்று பயம். எழுத்தை மட்டும் போனில் சொல்வார். பள்ளிக்கூடத்து ஆபீஸில் ஒரு கிளார்க் வேலை காலியாக இருந்தது, அதற்குச் சாரின் கையெழுத்து போதும். ஷீனா கேள்விக்குறி போட்டுக்கொண்டிருந்தது அந்தக் கையெழுத்துக்காக.

கிறிஸ்துமஸ் போட்டிக்கு ஒரே ஒரு வார்த்தை மிச்சம். அஞ்சு எழுத்து, முதல் ‘கோ’, மூணாவது ‘க’, கடைசி ‘ம்’. அவள் கோ?க?ம் என்று தட்டினாள். ஒன்றே ஒன்று வந்தது: கோலாகலம்.

சாயங்காலம் சார் கடைக்கே வந்துவிட்டார். கல்லைக் கேட்டால் கோலாகலம் என்கிறதே, உன் மெஷினுக்குக் கண் பொட்டையா என்று நாலு பேர் முன்னால் கேட்டார். அவர் வாயிலிருந்து முதல்முறையாக ஒரு குறிப்பு விழுந்தது அப்போதுதான்.

வார்த்தை கட்டத்துக்குப் பொருந்துகிறது, குறிப்புக்குப் பொருந்தவில்லை. அப்படியானால் தெரிந்ததாகச் சொன்ன எழுத்தில் ஏதோ ஒன்று பொய். பொய்யான எழுத்தைக் கொடுத்தால் சரியான வார்த்தையைத்தான் அது முதலில் கழித்துவிடும். ஷீனா ‘க’வை எடுத்துவிட்டு அங்கேயும் கேள்விக்குறி போட்டாள். கோத்திரம், கோதண்டம், கோபாவேசம், கோமேதகம், கோலாகலம். அஞ்சில் கல் ஒன்றுதான்.

“மூணாவது கட்டத்துல மேலேர்ந்து வாறது என்ன வார்த்தை, சாரே?”

சாருக்குக் காட்ட மனமில்லை. காட்டாமலும் முடியாது. பெத்தானியாவில் மரியாள் தெரிந்தெடுத்த இடம், மூன்று எழுத்து. சார் ‘பாகம்’ என்று எழுதியிருந்தார்.

“நல்ல பங்கைத் தெரிஞ்சுக்கிட்டாண்ணுதானே வசனம். பங்குண்ணா பாகம். நாப்பது வருசம் ஓய்வுநாள் பள்ளி எடுத்தவனாக்கும் நான்.”

“இடம்ணுல்லா கேட்டிருக்கு. அவ இருந்தது ஆண்டவர் பாதத்துல. பாதம்ணு போடுங்க, கோமேதகம் தானா வரும்.”

ஜெராக்ஸுக்கு நின்ற ஸ்ரீகுமாரி அக்கா சிரித்துவிட்டாள். சார் சிரிக்கவில்லை. ரப்பரை வாங்கி அழித்தார், எழுதினார், போனார்.

பரிசு அவருக்கே வந்தது. கிறிஸ்துமஸ் கூடுகையில் மேடையேறி, இந்தக் காலத்துப் பிள்ளைகள் மெஷினில் தேடுகிறார்கள், நான் முழங்காலில் நின்று தேடுகிறேன் என்றார். கைதட்டினார்கள். ஷீனாவின் அம்மாவும் தட்டினாள், மகளுக்கு வேலை போட்டுத் தரப்போகிற மனுஷன் அல்லவா.

ஜனவரியில் அந்த வேலை அதே சபையில் இருக்கும் லிஷாவுக்குப் போனது. லிஷா கெட்டவளில்லை, அவளுக்கு மவுஸ் பிடிக்க வரும். கமிட்டியில் சார் சொன்னதாக லிஷாவின் அப்பாவே வந்து சொன்னார்: ஷீனாவுக்குப் படிப்பு உண்டு, ஆனால் பெரியவர்களை நாலு பேர் முன்னால் திருத்துகிற வாய். பள்ளிக்கூடத்துக்குச் சரிவராது.

சரியான எழுத்தைச் சொன்னதுதான் குற்றம். ‘ஆமா சாரே, மெஷின்தான் பொட்டை’ என்று சொல்லியிருந்தால் இன்று அந்த நாற்காலி அவளுக்கு. இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வரவில்லை, பல்லைக் கடிக்கத்தான் தோன்றியது.

பிப்ரவரியில் போன் வந்தது. ஒன்றுமே நடக்காதது போல் சாரின் குரல்.

“மக்கா, ஆறெழுத்து. ரெண்டாவது ‘ரு’. கடைசி ‘ம்’.”

விரல் பழக்கத்தில் தட்டிவிட்டது. ?ரு???ம். பதினேழு வார்த்தைகள் திரையில் வந்து நின்றன.

“பள்ளிக்கூடத்து ஆபீஸ்ல கம்ப்யூட்டர் உண்டுல்லா சாரே. லிஷாகிட்ட கேளுங்க.”

சார் குரலைத் தாழ்த்தினார்.

“அவளுக்கு இதெல்லாம் தெரியாதே, மக்கா.”

“தெரியும் சாரே,” என்றாள் ஷீனா. “அவளுக்குத் தெரியாதுண்ணு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.”

போனை வைத்துவிட்டு, ஆதார் கார்டோடு நின்றவரிடம் எத்தனை காப்பி என்று கேட்டாள்.