ஜூன் பதினைந்து

அவனுக்குப் பதினாறு முடிந்திருக்க வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

என் மகன் அன்புராஜை உறுவையாறு ஏரிக்கரையில் கரும்பு வெட்டும் கத்தியால் வெட்டியவன் அவன். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று ஒரு சண்டை. அதற்குப் போனது என் பிள்ளையின் உயிர். வெட்டியவன் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். சட்டமே இல்லாவிட்டாலும் என் வாயில் அந்தப் பெயர் வராது. விஜயராணியின் மகன், அவ்வளவுதான். எதிர் வீட்டுக்காரி.

அரசு வக்கீல் எனக்கு விளக்கினார். "பதினாறு முடிஞ்சிருந்தா, கொலைங்கறதால, அவனோட மனசும் புத்தியும் எவ்ளோ வளந்திருக்குன்னு சோதிப்பாங்கம்மா. வெளைவு தெரிஞ்சே செஞ்சான்னு பட்டா, பெரியவங்கள மாதிரி விசாரிக்க வேற கோர்ட்டுக்கு அனுப்பலாம். முடியலன்னா சின்னப் பசங்களுக்கான இளைஞர் நீதிக் குழுமத்துலயேதான் விசாரணை. மிஞ்சிப் போனா மூணு வருஷம் சிறப்பு இல்லம்."

பள்ளிச் சான்றிதழில் அவன் பிறந்தது 2009 ஜூன் பதினைந்து. கொலை நடந்தது போன செப்டம்பர். பதினாறு வருஷம், மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் சோறு தின்றேன்.

அது பொய்த் தேதி என்று எனக்குத் தெரியும். எழுதிக் கொடுத்தவளே நான்.

நான் அங்கன்வாடி ஊழியர். ஒன்றாம் வகுப்புக்கு ஜூனில் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். முடியாத பிள்ளைகளுக்கு அப்போதிருந்த தலைமையாசிரியர் தாராளமாக ஜூன் பதினைந்து போடச் சொல்லுவார்; பள்ளிப் பதிவேட்டில் எழுதுவது நான்தான். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஒரே நாளில்தான் பிறந்தநாள். விஜயராணி செங்கல் சூளையில் பிள்ளை பெற்றவள். பிறப்பைப் பதியவே இல்லை. "ஸ்கூல்ல சேத்துட்டா மத்தியானச் சோறாவது கெடைக்கும்க்கா" என்று வந்து நின்றாள். இரக்கப்பட்டு எழுதினேன். அந்த இரக்கம் இப்போது அவனைப் பெரிய ஜெயிலுக்கு அனுப்பும் என்று நினைத்தபோது என் மனசு குளிர்ந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

வயதை விசாரிக்க இளைஞர் நீதிக் குழுமம் என்னை அழைத்தது. கூண்டு இல்லை, காக்கிச் சட்டை இல்லை. கொலைகாரனுக்கு நாற்காலி! தண்ணீர் வேறு கொடுத்தார்கள். மாஜிஸ்திரேட் அம்மாவும் சமூக சேவகர்கள் இரண்டு பேரும் சாதாரண மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

அவனுக்கு இலவசமாக வைத்த வக்கீல் பெண் கேட்டாள்: "இந்தத் தேதி சரியானதுதானா?"

"சரியான தேதிதான்" என்றேன். கூசவே இல்லை.

அவள் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைத் திருப்பி வைத்தாள். அடுத்தடுத்து இரண்டு வரி. அவன் பெயர், ஜூன் பதினைந்து. அதற்குக் கீழே என் மகன் பெயர். அதே ஜூன் பதினைந்து.

"போலீஸ்ல நீங்க குடுத்த புகார்ல மகனுக்குப் பதினஞ்சு வயசுன்னு இருக்கு. ஆஸ்பத்திரிப் பிறப்புச் சான்றிதழும் 2009 நவம்பர் பதினஞ்சுன்னு சொல்லுது. ரெண்டு பிள்ளைங்களுக்கும் ஒரே கையெழுத்து. எது நெஜம்மா?"

அன்றைக்கு அவசரத்தில் சொந்தப் பிள்ளைக்கும் அதையே எழுதியிருந்தேன். மறந்தே போயிருந்தேன், பாவி.

ஆமாம், என் மகனுக்கும் பதினாறுதான் என்று சொல்லிவிட்டால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எந்த நவம்பரில் பெற்றேன் என்று எனக்குத் தெரியாதா? பதினாறாவது பிறந்தநாளுக்குக் கேட்டிருந்த ஷூவை அவன் படத்துக்கு முன்னால்தானே வைத்தேன்? உயிரை விஜயராணியின் மகன் எடுத்துக்கொண்டான். பிறந்த நாளை நான் எடுக்கவா?

"எம் புள்ளைக்குப் பதினஞ்சுதாம்மா."

"அந்தப் பையனுக்கு?"

விஜயராணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எம் புள்ளைய வுட பதினோரு நாள் பெரியவன். அங்கன்வாடி ரெஜிஸ்தர்ல நானேதான் எழுதினேன். எடுத்தாந்து தரேன்."

பள்ளித் தேதிக்கு அடிப்படை இல்லை என்று குழுமம் தள்ளியது. எலும்புப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பதினைந்துக்கும் பதினாறுக்கும் இடையில் என்று அறிக்கை வந்தது. சந்தேகத்தின் பலன் பிள்ளைக்கே என்றார்கள். பதினாறு முடியவில்லை என்று உத்தரவானது. வழக்கு பெரிய கோர்ட்டுக்குப் போகாமல் குழுமத்திலேயே நின்றது.

வாசலில் விஜயராணி ஓடி வந்து என் காலைப் பிடித்தாள். "எம் புள்ளைக்கு உசுரு குடுத்த தெய்வம்க்கா நீ."

காலை உதறினேன்.

"ஒம் புள்ளைக்காவ சொல்லலடி, எம் புள்ளைக்காவ சொன்னேன். மூணு வருசம் போட்டாலும் அவன் பத்தொம்பதாயி வெளிய வருவான். எம் புள்ளைக்கு அப்பவும் பதினஞ்சுதான். அன்னைக்குக் கணக்குத் தீக்க அவன் வர்ற வாசல்ல நான் நிப்பேன். அவன் வயச யாரும் என்னைக் கேக்க வேண்டியிருக்காது."