ஆறாத சோல்

“லைனை நிறுத்துங்க சார்.”

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த ஷூ கம்பெனியில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்: தரம் பார்க்கிறவள் எது வேண்டுமானாலும் கேட்கலாம், இதை மட்டும் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

மேனேஜர் பிரபு போனைக் கவிழ்த்து வைத்தார். “சாயங்காலம் கண்டெய்னர் வருது, தமிழ்நிலா. விளையாடுறியா?”

நேற்று முடித்த ஷூ ஒன்றை அவர் மேசையில் வைத்தேன். முனை தூக்கிக்கொண்டு, பக்கத் துணி சுருங்கி, ஒரு கால் குட்டையான நாற்காலி மாதிரி ஆடியது. வெளியே ராக்கில் அடுக்கி வைத்திருக்கிற ஜோடிகளெல்லாம் இப்படித்தான்.

“அம்சம் ஒட்டின சோல்தானே? கோணலா வச்சிருக்கா. நாளையிலேர்ந்து அவ வரவேணாம். நடவுக்குப் போறவங்களக் கூட்டியாந்தா இப்படித்தான்.”

அம்சம் அக்கா கதவோரம்தான் நின்றிருந்தார். “கோணலா நட்டா களையெடுக்கிற மிஷினே ஓடாது சார். நேர்கோடு எனக்குத் தெரியும்.”

“அக்கா மேல தப்பில்ல,” என்றேன். “வெட்டுற இடத்துலேர்ந்து பார்த்துட்டேன். வலைத்துணி இழுபடுற திசை எல்லாத் துண்டுலயும் ஒண்ணுதான். தையல் சரி. அடியில இருக்கிற சோலைப் பிடிச்சு இழுத்தா அதோட ஃபோம்தான் கிழியுது, பசை விடல. இப்ப இதைப் பாருங்க.”

ஷூவில் ஒட்டாத இரண்டு சோல்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். ஒரே அச்சு, ஒரே சைஸ். நேற்று வார்த்தது குட்டை. சற்றுமுன் வார்த்தது நெட்டை, இன்னும் சூடு.

“அச்சைத் திறந்ததும் உப்பி வரும். ஆற ஆறச் சுருங்கும். ராத்திரி முழுக்க ஆறப்போட்டுத்தான் ஒட்டணும். நேத்து சூட்டோட ஒட்டியாச்சு, அது சுருங்கும்போது மேல்துணியையும் சேர்த்து இழுத்துடுச்சு. ஆறப்போட வேணாம்னு சொன்னது யாரு சார்?”

அவர் ஏசியைப் பார்த்தார்.

“ஈர நெல்லை மூட்டை கட்டி அனுப்பினா, உங்க வீட்டு நெல்லுன்னு கொள்முதல் நிலையத்துல எடுத்துக்குவாங்களா?”

“படிச்சதும் வாய் வந்துடுது உங்களுக்கெல்லாம்.”

அந்த ‘உங்களுக்கெல்லாம்’ யார் யாரைச் சேர்த்துச் சொன்னது என்று எனக்குத் தெரியும். பிரபு வீட்டு வயலில் நாற்றுப் பறித்த என் அப்பா மருதையனையும் சேர்த்து.

“ஆமா சார். எங்க வீட்டுல முதல்ல படிச்சவ நான்தான். படிச்சது இதைத்தான்.”

“பாஸ் சீல் போடு. இல்லன்னா நீயும் அவளோட கிளம்பு.”

“போட மாட்டேன். ராக் எல்லாத்துலயும் சிவப்பு அட்டை மாட்டிட்டுத்தான் உள்ள வந்தேன். அட்டையை நான் கழட்டாம ஒரு ஜோடி ஏத்தினாலும் வாங்குறவன் மொத்தத்தையும் திருப்பிடுவான். அது அவன் போட்ட விதி. உங்களைக் கேட்டது மரியாதைக்கு.”

அவர் எழுந்தார். நான் உட்காரவே இல்லை.

“வாங்கக்கா. புதுசா வர்ற சோலெல்லாம் ஆறுறதுக்கு ராக்குக்குப் போகட்டும்.”

கதவைத் திறந்து, லைன் தலைமாட்டில் இருந்த, அதை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைப் பார்த்து நடந்தேன்.