பக்கம் 418

காலை எட்டே முக்காலுக்கு டெஸ்ஸி ஆவிகளைத் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

தீர்ப்பு எதுவும் இல்லாமல் பெயர் மட்டும் பதிவாகியிருக்கும் இனங்களுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் அது. ஒரு தீர்ப்பு இன்னொரு பழைய தீர்ப்பை மேற்கோள் காட்டினால், மென்பொருள் அதன் வருடம், தொகுதி, பக்கம் மூன்றையும் பிரித்தெடுக்கும். அந்த மூன்றும் பொருந்தும் தீர்ப்பு, வக்கீல்கள் சந்தா கட்டித் தேடும் கணினிக் கிடங்கில் இருந்தால் இணைப்பு போடும். இல்லாவிட்டால் புதிதாக ஓர் இனம் திறந்து வைக்கும். அப்படித் திறந்தவை ஆறாயிரம். பெரும்பாலானவை உண்மையிலேயே இன்னும் ஏற்றப்படாத பழைய தீர்ப்புகள். மீதியைக் கண்டுபிடிப்பது டெஸ்ஸியின் வேலை. எறணாகுளம் உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரியில், மூன்றாம் மாடியில், ஒன்பது வருடமாக அவள் தீர்ப்புகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வருகிறாள். வழக்காடியவர்கள், நீதிமன்றம், அமர்வு, தேதி, மேற்கோள்கள். தவறு எங்கே ஒளியும் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த ஆவி, 'மாத்தாய் எதிர் குஞ்ஞாலி', பக்கம் 418.

கை நின்றது. 'மத்தாயி எதிர் குஞ்ஞாலி' நேற்றுதான் அவள் கண்ணில் பட்டது. அதே வருடம், அதே தொகுதி. அது 412ஆம் பக்கத்தில் தொடங்கி 423இல் முடிகிறது. 418 அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. யாரோ மேற்கோள் காட்டும்போது தொடக்கப் பக்கத்தை எழுதாமல், தனக்கு வேண்டிய பக்கத்தை எழுதியிருக்கிறார்கள். பக்கம் பொருந்தாமல், பெயரின் எழுத்தும் இரண்டு இடத்தில் மாறியிருந்ததால், மென்பொருள் வேறு தீர்ப்பு என்று நம்பிவிட்டது.

மேற்கோள் காட்டியது யார் என்று பார்த்தாள். மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு. எப்படிக் கையாண்டது என்ற கட்டத்தில் ஒரே சொல் இருந்தது: 'செல்லாததாக்கியது'.

நிஜத் தீர்ப்பின் பக்கத்தில் பச்சைக் குறி இருந்தது. இன்றும் செல்லும் என்று அர்த்தம். சிவப்பு முழுவதும் ஆவியின் தலையில் விழுந்திருந்தது.

நேற்று மாலை வக்கீல் சுல்ஃபத் போன் செய்து கேட்டது இந்தத் தீர்ப்பைத்தான். மத்தாயி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டாள். பச்சை, தைரியமாகப் போ என்று டெஸ்ஸி சொன்னாள். சுல்ஃபத்தின் கட்சிக்காரி ரோஸிலி ஒரு தையல்காரி. அப்பா வாடகைக்கு எடுத்த கடையில் இருபது வருடம் அவரோடு சேர்ந்து தைத்தவள். அப்பா இறந்ததும் கட்டிடத்தின் சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னார், கீழ் நீதிமன்றமும் சொன்னது. இன்று மறுசீராய்வு. பதினான்காவது வழக்கு. பத்தேகாலுக்கு நீதிமன்றம் கூடும்.

டெஸ்ஸி மென்பொருள் எழுதும் ஃபாசிலைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் சாயா கிளாஸைக் கீழே வைத்தான்.

"சேச்சி, என் பிள்ளை பொய் சொல்லலை. அது படிச்சதைச் சொல்லியிருக்கு."

"உன் பிள்ளை ஒரு ஆளை ரெண்டு ஆளாக்கி, இல்லாதவனைத் தூக்குல போட்டிருக்கு."

நிறுவனத்தின் தலைவர் மேனோன் சார் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டு இனங்களையும் இணைத்து, சிவப்பை மாற்றிவிட்டால் போதும், யாரையும் கூப்பிட வேண்டாம் என்பது அவர் கருத்து. கடைசியில் எல்லாவற்றையும் வக்கீல்தான் சரிபார்க்க வேண்டும் என்று சந்தா ஒப்பந்தத்திலேயே இருக்கிறதாம்.

"பச்சைன்னு ஒப்பந்தம் சொல்லலை சார். நான் சொன்னேன்" என்றாள் டெஸ்ஸி. முழு அமர்வின் தீர்ப்பைத் திறந்தாள்.

மென்பொருளுக்கு ஒரு சொல் போதும். டெஸ்ஸிக்குப் போதாது. மேலிருந்து படித்தாள். வாடகைதாரருக்குக் காலி செய்யும் அறிவிப்பைப் பதிவுத் தபாலில்தான் அனுப்ப வேண்டுமா என்பது மட்டுமே அங்கே கேள்வி. பதினேழாம் பத்தியில் இப்படி இருந்தது: பக்கம் 418இல் கூறப்பட்டது சரியல்ல, அந்த அளவுக்கு அது செல்லாது.

அந்த அளவுக்கு.

நிஜத் தீர்ப்பைப் புரட்டினாள். பக்கம் 421: கூடவே தொழில் செய்த மகனோ மகளோ, வாடகைதாரர் இறந்தபின் அந்த இடத்தில் தொடரலாம். அதை முழு அமர்வு தொடவேயில்லை. மத்தாயி தீர்ப்புக்குப் பிந்தைய வேறு எதுவும் அதைத் தொட்டிருக்கிறதா என்று எல்லா எழுத்து வடிவங்களிலும் தேடினாள். இரண்டு தீர்ப்புகள் தொட்டிருந்தன. இரண்டும் அதைப் பின்பற்றியவை.

மணி ஒன்பது நாற்பது. சுல்ஃபத்தின் போன் அணைந்திருந்தது. டெஸ்ஸி மத்தாயியையும் முழு அமர்வின் தீர்ப்பையும் அச்செடுத்து, சாலையைக் கடந்து, நீதிமன்ற வாசலில் அனுமதிச் சீட்டுக்கு வரிசையில் நின்று, ஐந்தாம் மாடியில் அவளைப் பிடித்தாள். சுல்ஃபத் சுவரோரம் கழுத்துப்பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து பெஞ்சில் ரோஸிலி, மடியில் ஒரு துணிப்பையோடு.

டெஸ்ஸி சுற்றி வளைக்கவில்லை. நேற்று சொன்னது தவறு, தவறு எங்களுடையது, மத்தாயியில் பாதி போய்விட்டது என்றாள்.

சுல்ஃபத்தின் கை பட்டையிலிருந்து இறங்கியது. "நோட்டீஸ் பதிவுத் தபால்ல வரலைங்கிறதுதான் என் முதல் வாதமே டெஸ்ஸி. எழுதிக் கொடுத்திருக்கேன்."

"அதை விட்டுடு. 421ஐப் பிடி. அது நிக்கும்."

"நேத்தும் இப்படித்தான் சொன்னே."

"நேத்து பச்சையைப் பார்த்துச் சொன்னேன். இன்னைக்குப் படிச்சுட்டுச் சொல்றேன்."

சுல்ஃபத் தாள்களை வாங்கிக்கொண்டாள். சுவரில் சாய்ந்து நின்று படித்தாள். ரோஸிலி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடை போயிடுச்சா என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை என்றாள் டெஸ்ஸி. இந்த முறை படித்தாகிவிட்டது.

பதினொன்றரைக்கு வழக்கு வந்தது. டெஸ்ஸி பின்வரிசையில் உட்கார்ந்தாள். சுல்ஃபத் எழுந்ததும் முதல் வேலையாக, முழு அமர்வின் தீர்ப்பைத் தானே எடுத்து வைத்தாள். அறிவிப்பு பற்றிய தன் வாதத்தைக் கைவிடுவதாகச் சொன்னாள். எதிர்த்தரப்பு மூத்த வக்கீல் கையில் அதே தீர்ப்பு, மஞ்சள் சீட்டு செருகியபடி தயாராக இருந்தது. அவர் அதை மெதுவாக மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

பிறகு சுல்ஃபத் 421ஐப் படித்தாள். மூத்த வக்கீல் எழுந்து, மத்தாயி செல்லாததாக்கப்பட்ட தீர்ப்பு, அதை எதற்கும் நம்ப முடியாது என்றார். அமர்வில் மூத்தவரான நீதிபதி எந்தப் பக்கம் என்று கேட்டார். 418 என்றார் வக்கீல்.

"இவங்க படிக்கிறது 421" என்றார் நீதிபதி.

வக்கீல் தாள்களைப் புரட்டினார். நீதிபதிகள் காத்திருந்தார்கள். 421இல் உள்ள கேள்வி முழு அமர்வின் முன் எழவில்லை என்று வக்கீல் ஒப்புக்கொண்டார்.

காலி செய்யும் உத்தரவை ரத்து செய்வதாக நீதிபதி சொல்லச் சொல்ல, கீழே எழுத்தர் குறித்துக்கொண்டார். ரோஸிலிக்கு ஆங்கிலம் புரியவில்லை. சுல்ஃபத் திரும்பித் தலையசைத்த பிறகுதான் எழுந்தாள்.

வெளியே வந்ததும் சுல்ஃபத் அங்கியைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டாள்.

"இனிமே உயிரோட இருக்கான்னு கேட்டா பச்சை சிவப்பு சொல்லாதே மோளே. எந்தப் பக்கத்துல உயிர் இருக்குன்னு சொல்லு."

டெஸ்ஸி படியிறங்கும்போது ஃபாசில் அழைத்தான். ஒரே தொகுதியில், வேறொரு தீர்ப்பின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் விழும் ஆவிகளைத் தேடிப் பார்த்தானாம். நூற்றுப் பன்னிரண்டு. அதில் சிவப்பு ஏழு.

"பொருந்துறதை எல்லாம் இணைச்சிடட்டுமா சேச்சி?"

"சிவப்பு ஏழையும் தொடாதே. நான் படிக்கணும். பக்கத்துக்குத் தனிக் கட்டம் ஒண்ணு போடு. 'ஒரு பகுதி மட்டும்'னு ஒண்ணு. அப்புறம், அந்த ஏழோட நிஜத் தீர்ப்பை இந்த மாசம் யார் யார் அச்செடுத்தாங்கன்னு பட்டியல் எடு."

பட்டியல் ஏற்கெனவே மேனோன் சாரிடம் இருப்பதாக ஃபாசில் சொன்னான். பத்தொன்பது வக்கீல்கள். அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு மூன்றாவது வக்கீலிடம் போனில் பேசிக்கொண்டிருக்கிறாராம்.

டெஸ்ஸி சாலையைக் கடக்க சிக்னல் விளக்குக்காக நின்றாள்.