கம்பி போகும் வழி

"காயிலு போயிருக்கு அண்ணாத்தே. வேற ஒண்ணும் இல்ல. மாத்திட்டா முடிஞ்சிது."

"காயிலு போனா சத்தமே வராது அய்யாசாமி. இது பொணம் இல்ல. உசிரோட கத்திகினு கீது, கேளு."

இருவரும் கேட்டார்கள். சுவரோரம் நின்ற இரும்புப் பெட்டி முதலில் வண்டு போல ரீங்கரித்தது. பிறகு டக் என்றது. சற்று நேரம் மௌனம். மறுபடி டக். வெளியே போகும் மின்சாரத்தைக் காட்டும் முள் எழுந்து, தடுமாறி, சூனியத்தில் விழுந்து கிடந்தது.

மணவாளன் முத்தாபுதுப்பேட்டைக்காரர். யுத்தம் தொடங்கிய பிறகு ஆவடியில் முளைத்த பட்டாள முகாமில் எலெக்ட்ரீஷியன். அய்யாசாமி அவருக்குக் கீழே நாலு வருஷமாக வேலை செய்பவன். முகாமின் ஒயர்லெஸ் கொட்டகையில்தான் அந்த ஸ்டெபிலைசர் பெட்டி இருந்தது. பட்டறை மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் வோல்டேஜ் இறங்கும். அப்போது பெட்டிக்குள் ரிலே என்ற காந்த ஸ்விச்சு, காயில் என்ற கம்பிச் சுருளின் இழுப்பில் ஒட்டிக்கொண்டு, மின்சாரத்தை ஒரு படி ஏற்றிக் கொடுக்கும். நூற்றுத் தொண்ணூறுக்கும் கீழே போனால், ஒயர்லெஸ் கருவி கெடாமலிருக்க, வெளியே போகும் மின்சாரத்தையே துண்டித்துவிடும்.

பத்து நாளாக அது ஓயாமல் துண்டித்துக்கொண்டிருந்தது. இரண்டு முறை செய்தி பாதியில் அறுந்துபோயிற்று.

மூன்று மணிக்கு முகாமின் வெள்ளைக்காரத் துரை வந்து நின்றார். கோபமாகப் பேசியிருந்தால் மணவாளனுக்கு அவ்வளவு பயமிருந்திருக்காது. அவர் மெதுவாகப் பேசினார். ஏழு மணிக்கு மெட்ராஸிலிருந்து விசாரணை ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் பெட்டி ஓடினால் அது பழுது. ஓடாவிட்டால் அது சதி. வருகிறவர்கள் கம்பியைக் கையால் தடவிக்கொண்டே முகாம் முழுக்க நடப்பார்கள். போன மாசம் பட்டாபிராம் ரயில் சைடிங்கில் ஒரு கிடங்குக்காரனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் எங்கே என்று அவன் பெண்சாதிக்கு இன்னும் தெரியாது.

இப்போது மணி ஐந்தேகால்.

மணவாளன் மெயினை அணைத்துவிட்டு ரிலேயைத் திறந்தார். இரும்பு முகத்தில் மெல்லிய துரு. ஒட்ட வேண்டிய இடம் சரியாக ஒட்டாமல் அதிர்ந்ததுதான் அந்த ரீங்காரம். சன்ன அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தார். கருத்திருந்த வெள்ளி முனைகளையும் சுத்தம் செய்தார். திரும்பப் போட்டதும் ரீங்காரம் அடங்கியது.

டக்.

"பார்த்தியா? காயிலு," என்றான் அய்யாசாமி.

"மாமியார் ஊட்டுல கூட நீ இவ்ளோ அவசரப்பட மாட்டியேடா."

அய்யாசாமி சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன். மணவாளன் அதைக் கவனித்தார். ஆனால் அவர் மனசு பெட்டியில் இருந்தது.

ஒயர்லெஸ் கருவியின் இணைப்பைக் கழற்றிப் பார்த்தார். பெட்டி வாயை மூடிக்கொண்டது. உள்ளே வரும் மின்சாரம் இருநூற்று இருபத்தைந்தில் அசையாமல் நின்றது. திரும்ப இணைத்தார். கருவியின் சுமை ஏறிய மறுகணம் முள் நூற்றெண்பதுக்குச் சரிந்தது. டக். பெட்டி துண்டித்தது. சுமை இறங்கியதும் முள் மறுபடி எழுந்தது. வோல்டேஜ் வந்துவிட்டதென்று நம்பிப் பெட்டி மறுபடி கொடுத்தது. மறுபடி சரிந்தது.

பெட்டியில் ஒரு குற்றமும் இல்லை. வெளியே ஏதோ நடக்கிறது என்று அது பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"காலையில கம்பத்துலேர்ந்து லைனை நீ பார்த்தே இல்ல?"

"பார்த்தேன் அண்ணாத்தே. சுத்தமா கீது."

"முழுசாவா?"

"முழுசா."

மணவாளன் மீட்டரைக் கையில் எடுத்தார். அய்யாசாமி குறுக்கே வந்து நின்றான். "குடு, நான் போயி பாக்குறேன். நீ இங்கயே இரு."

"நீ ஸ்விச்சைப் போட்டுகினு நில்லு. சுமை இருக்கச்சதான் அளக்கணும்."

கம்பத்துப் பெட்டியில் முள் இருநூற்று இருபத்திரண்டு காட்டியது. கொட்டகையில் சுமை ஏறியபோதும் அது இம்மியும் அசையவில்லை. அப்படியானால் கம்பத்துக்கும் கொட்டகைக்கும் நடுவே, அந்த எண்பது கஜத்தில், எங்கோ ஓரிடத்தில் மின்சாரம் தொண்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மணவாளன் ஃப்யூஸைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கம்பியின் கீழே நடக்கத் தொடங்கினார்.

முகாம் திடீரென்று சத்தமற்றுப் போனது போலிருந்தது. பட்டறை நின்றுவிட்டிருந்தது. ஆடிக்காற்றில் சிவப்பு மண் எழும்பி, ஆளில்லாத பாதையில் யாரோ நடந்துபோவது போல முன்னால் போயிற்று. கம்பி கிடங்கைத் தாண்டியது. பொது அடுக்களையைத் தாண்டியது. அடுக்களை ஆட்களின் தகரக் கொட்டடிகளுக்குப் பின்புறம் கூரை இறவாணத்தை ஒட்டி ஓடியது. கடைசிக் கொட்டடியின் கீழே அவர் நின்றார்.

ரப்பர் தீய்ந்த வாடை.

ஒரு பீப்பாயை உருட்டிப் போட்டு ஏறினார். கம்பியில் ஓரிடத்தில் நாடாவைச் சுற்றியிருந்தார்கள். நாடா உருகி வழிந்திருந்தது. தொட்டார். மின்சாரம் நின்ற பிறகும் சுட்டது. பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது. கத்தியால் உறையைச் சீவும்போது உள்ளிருந்த ஏழு இழையில் ஐந்து அறுந்திருந்தன. மீதி இரண்டு கருகிப்போய், முழுச் சுமையையும் தாங்கிக்கொண்டிருந்தன. அந்த இடத்திலிருந்தும், அடுத்த கம்பியிலிருந்தும் மெல்லிய ஒயர்கள் கிளம்பித் தகரத்தின் இடுக்கில் இறங்கி மறைந்தன.

நாடா சுற்றியிருந்த விதம் அவருக்குத் தெரியும். இடமிருந்து ஆரம்பித்து, கடைசிச் சுற்றை மடித்து உள்ளே செருகுவது. அவரே சொல்லிக் கொடுத்தது.

கீழே அய்யாசாமி நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

"இது யாரு ஊடு?" என்றார், தெரிந்தே.

"அக்கா ஊடு."

"உள்ள இன்னா வெச்சிருக்கே?"

"ரேடியோ."

"கடலுக்கு அந்தாண்டேர்ந்து சப்பான்காரனுங்க பேசுறானுங்களே, அதைக் கேக்கவா? அது தெரிஞ்சா இன்னா செய்வானுங்கன்னு தெரியுமாடா உனக்கு?"

"தெரியும். அக்கா மவன் ஆனந்தனோட பட்டாளம் சிங்கப்பூர்ல மாட்டிகினு ரெண்டரை வருசம் ஆவுது. ஒரு காயிதம் இல்ல. இப்ப அங்க உசிரோட கீறவங்க பேரைத் தெனம் வாசிக்கிறானுங்க. ஏழு மணிக்கு. ஊர் வாரியா. நேத்து நம்ம செங்கல்பட்டு ஜில்லாக்காரங்களை ஆரம்பிச்சான். பாதியில நிறுத்திட்டான். மீதி இன்னிக்கி."

மணவாளனின் கை தானாகக் கணக்குப் போட்டது. ஒயர்களை அறுத்து, சிதைந்த இடத்தை வெட்டி, புதுத் துண்டு வைத்து முறுக்கி ஈயம் ஊற்ற அரைமணி நேரம் போதும். ஏழு மணிக்குள் பெட்டி ஒழுங்காக ஓடும். யாரும் கம்பியைத் தடவ வேண்டியதில்லை. பழுது, சதி இல்லை. ஆனால் ஒயர்கள் இப்போதே போயாக வேண்டும். வருகிறவர்கள் கையில் அவை சிக்கினால் லாரியில் மூன்று பேர் ஏறுவார்கள். மூன்றாவது ஆள், லைன் சுத்தம் என்று தினமும் கையெழுத்துப் போட்டவர்.

பூந்தமல்லி ரோட்டில் ஒரு வண்டியின் உறுமல் கேட்டது. இந்தப் பக்கம் திரும்பியதா, நேரே போயிற்றா என்று சொல்ல முடியவில்லை.

கொட்டடிக் கதவு திறந்தது. பொன்னம்மாள் வாசலில் வந்து நின்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். தம்பியைப் பார்க்கவில்லை. பீப்பாயின் மேல் நின்றவரின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய உள்ளங்கையில் இருந்த ஃப்யூஸை மட்டும் பார்த்தாள்.

"உள்ள வெளக்கு அணைஞ்சிபோச்சு அண்ணே," என்றாள். "அறுக்கறதை அப்பறமா அறுத்துக்கோ. ஏழேகால் வரிக்கும் அதைத் திருப்பிப் போட்டுடு."