மீட்பு

கணவர் பெயருக்குப் பதிவுத் தபால் வந்த அன்று, "அவர் இறந்துட்டாருங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பியவள் நான்தான். ஏல அறிவிப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் காசுமாலையைக் கணவர் எங்கோ அடகு வைத்திருந்தார். ரசீது தலையணை உறைக்குள் இருந்திருக்க வேண்டும். முக்கியமான காகிதங்களை அவர் அங்கேதான் செருகுவார். அந்தத் தலையணையைப் பாயோடு சேர்த்து நாங்கள் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

மணப்பாறையில் நான்காவதாக ஏறிய அடகுக் கடையில் பேரேட்டில் அவர் கையெழுத்து இருந்தது. கடைக்காரர் அய்யாத்துரை ஒவ்வொரு முறையும் ஒரு காகிதம் கேட்டார். இறப்புச் சான்று. வாரிசுச் சான்று. ரசீது தொலைந்ததற்கு முத்திரைத்தாளில் உறுதிமொழி, நோட்டரி கையெழுத்தோடு. எனக்குப் பிள்ளை இல்லை. வாரிசு இரண்டே பேர், நானும் மாமியாரும். அவர் சம்மதமும் வேண்டும். மறுநாள் ஏலம்.

மாமியாரை அழைத்து வந்தேன். ரசீது காணாமல் போனதற்கு வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

கடைக்காரர் சம்மதக் கடிதத்தைப் படித்தார்: "இறந்துபோன என் மகன் சிவகுருநாதனுக்குச் சொந்தமான காசுமாலையை என் மருமகள் தேவகுஞ்சரி பெற்றுக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை."

"யாருக்குச் சொந்தமான?" என்றார் மாமியார்.

"உங்க மகனுக்கும்மா."

"அவன் எங்கய்யா காசுமால போட்டான்? இவ அப்பன் போட்டது அது. பொய்யில கைநாட்டு வைக்கமாட்டேன்."

இருபத்திரண்டு வருடங்களாக 'உங்க வீட்டுல என்னத்தப் போட்டாங்க?' என்று கேட்டவர். 'இவ அப்பன் போட்டது' என்ற அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை இரவுகள் காத்திருந்திருப்பேன்! இன்று, இங்கே, மதியம் கடை அடைக்கும் நேரத்தில் சொல்கிறார்.

கடைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "அடுத்தவங்க நகைய அவரு வெச்சாருன்னா, நான் குடுக்கவே முடியாது. கோர்ட்டு, போலீசுன்னு போயிடும். நமக்கு வெச்சவருதான் சொந்தக்காரரு."

"அத்த, வைங்க."

"ஏன்டி, உன் பொருள உன்னுதுன்னு சொல்ல வாயில்லையா ஒனக்கு?"

"சொன்னா கெடைக்காது அத்த. காலுல விழட்டுமா? பொய்தான், வைங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மை சொல்பவரின் கையைப் பிடித்து நான் மைப்பெட்டியில் அழுத்தினேன். அவர் காகிதத்தில் விரலை உருட்டி வைத்தார்.

"எம்மேல பாவமில்ல," என்றார் கடைக்காரரிடம். "இவதான் வெக்கச் சொன்னா."

பணத்தைக் கட்டினேன். எடை போட்டுக் காட்டினார். ஒரு காசு நசுங்கிய என் மாலைதான். 'இறந்தவரின் நகையைப் பெற்றுக்கொண்டேன்' என்பதன் கீழ் கையெழுத்திட்டேன்.

பேருந்தில் மாமியார் கட்டைவிரல் மையை என் முந்தானையில் துடைத்தார். கறை போகாது என்று தெரியும். அவர் கையை விலக்க எனக்குத் தோன்றவில்லை.