மூன்றாவது நிமிடத்தில் மூடியவர்கள்

லாரி டிரைவர்களுக்கான பாதுகாப்பு வீடியோவுக்குத் திரையின் அடியில் ஓடும் வசன எழுத்து (சப்டைட்டில்) போட்டவள் நான்தான். தர்மபுரி வீட்டிலிருந்து, பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு.

பகல் சோற்றுக்கு உட்காரும்போது அந்தக் கம்பெனி நவநீதன் சார் போன் செய்தார். "உமைரா, மூணாவது நிமிசத்துலயே நூத்துக்கு எழுவது பேரு மூடிட்டுப் போயிடறாங்க. கடைசி வரைக்கும் யாருமே பாக்கறதில்ல. ஏன்னு பாருங்க."

சோறு அப்படியே இருந்தது. மூன்றாவது நிமிடத்தில்தான் பயிற்சியாளர் மூச்சு விடாமல் பேசுவார். ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருந்தேன். பெரிய கெட்டிக்காரி! விநாடிக்கு இருபத்திரண்டு எழுத்துக்கு மேல் போனால் மென்பொருள் சிவப்பு காட்டும். அது புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். "தமிழுக்கு எப்பவும் அப்படித்தான் காட்டும்" என்று எங்கள் தொழில் ஆட்கள் வரம்பை முப்பதுக்கு ஏற்றிவிடுவார்கள். நானும் ஏற்றினேன். சிவப்பு போனது. சத்தத்தோடு பார்த்துச் சரி என்றேன்.

டிரைவர்கள் ஓட்டல் இரைச்சலில், சத்தம் இல்லாமல் எழுத்தை மட்டும் பார்ப்பவர்கள்.

வீடியோவைத் திரும்ப ஓட்டினேன், சத்தத்தை அணைத்து. 'இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடாதீர்கள், சின்ன கியரில் இறங்குங்கள்.' எழுபது எழுத்து, இரண்டரை விநாடி. எழுதிய எனக்கே பாதியில் மறைந்தது. நியூட்ரலில் விட்டால் மொத்தப் பாரமும் பிரேக் மேல் விழும்; அது சூடேறிப் பிடிக்காது. அந்த வரி வருவதற்குள் பாதிப் பேர் போயிருப்பார்கள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரர் ஜாவீத் இத்தனை நாள் மினி வேன் ஓட்டியவர். இன்றுதான் முதல்முறையாக லாரியில் இரும்பு ஏற்றிக்கொண்டு தொப்பூர் மலை இறங்குகிறார். காலையில் அந்த வீடியோவை அனுப்பியிருந்தேன், பெருமையாக.

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. யா அல்லா! தெருவில் கேட்ட ஆம்புலன்ஸ் சத்தம்கூட என் காதுக்குத் தொப்பூர் பக்கம் போனது.

நாலாவது முறை எடுத்தார். "டீ குடிக்கறேன், உமைரா. மேலதான் நிக்கறேன். இப்ப எறங்கணும்."

"ஏங்க, அந்த வீடியோ பாத்தீங்களா?"

"பாத்தேன். எழுத்து பறக்குது, எவன் படிப்பான்? மூடிட்டேன்."

"எறக்கத்துல எப்படி எறங்குவீங்க?"

"நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்னு பக்கத்து வண்டிக்காரர் சொன்னாரு."

அழுகை வந்தது, திட்டவும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். திரும்பச் சொல்ல வைத்தேன். "சின்ன கியர். நியூட்ரல் கூடாது. சரி, அழாத" என்றார்.

அவர் கீழே போய்ச் சேர்ந்து கூப்பிடும்வரை வாசலிலேயே நின்றேன். கூப்பிட்டார். உட்கார்ந்து அழுதேன்.

பிறகு வரம்பை மறுபடி இருபத்திரண்டுக்கு இறக்கினேன். திரை முழுக்கச் சிவந்தது. ஜாவீத்துக்குச் சொல்ல நான் இருந்தேன். மூன்றாவது நிமிடத்தில் மூடிவிட்டு மலை இறங்கப்போன மற்றவர்களின் நம்பர் என்னிடம் இல்லை.