ஆடிக்கு வாடகை இல்லை

கணக்கில் கெட்டிக்காரன் என்று நேசகுமாரைப் பற்றி நேசகுமாரே சொல்லிக்கொள்வான். வேறு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. அரக்கோணம் ரயில்வே ஷெட்டில் டெக்னீஷியன் வேலை, திருத்தணியில் அப்பா கட்டிவிட்டுப் போன சின்ன வீடு, மனைவி தபிதாள், பள்ளிக்கூடம் போகும் மகள் பெபி. இருப்பதை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். மனுஷன் சும்மா இருந்தால்தானே!

இரண்டு வருடத்துக்கு முன்னால் புரோக்கர் துளசிங்கம் ஒரு வீட்டைக் காட்டினான். சித்தூர் ரோட்டுக்குப் பக்கத்துத் தெரு. கீழே ஒரு குடித்தனம், மேலே ஒரு குடித்தனம். நாற்பத்திரண்டு லட்சம். கீழே ஒன்பதாயிரம், மேலே எட்டாயிரம் வாடகை வரும். நேசகுமார் அங்கேயே நின்றபடி பதினேழாயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கினான். வருடத்துக்கு இரண்டு லட்சத்து நாலாயிரம். அந்தப் பெருக்கல்தான் அவன் தலையில் விழுந்த முதல் கல்.

பி.எஃப். பணமும் தபிதாளின் நகையும் சேர்ந்து பன்னிரண்டு லட்சம். பத்திரச் செலவுக்கு ரயில்வே சொசைட்டியில் நாலு லட்சம் கடன். மீதி முப்பது லட்சத்துக்கு பேங்க் லோன், ஏழு சதவீதம் வட்டி, பதினைந்து வருடம். மாதம் இருபத்தேழாயிரம் டியூ.

"ஏழு வட்டிக்கு வாங்கி அஞ்சுகூடத் தேறாத வாடகைக்கு விடுறீங்க. இதுல எங்கங்க லாபம்?" என்று தபிதாள் அப்போதே கேட்டாள்.

"வீட்டு வெல ஏறும்ல? பத்தாயிரம் நம்ம கையிலேர்ந்து போட்டா போதும். நான் ரிட்டையர் ஆகறப்போ கடன் முடிஞ்சிரும், வாடகை வந்துகினே இருக்கும். அந்த வீடு நமக்குச் சோறு போடும் பாரு."

"ஆள் இல்லாம பூட்டிக் கெடந்தா?"

"ஏன் கெடக்கும்? திருத்தணியில வீடு பூட்டிக் கெடக்குமா?"

பெண்டாட்டி பேச்சைக் கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் அல்லவா, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

முதல் வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு வட்டி ஏறியது. ஒருதரம் அல்ல, படிப்படியாக ஒன்பதே கால் வரை. வழக்கமாக பேங்கில் டியூவை அப்படியே விட்டுவிட்டு வருடத்தை நீட்டுவார்கள். நேசகுமாருக்கு வயது நாற்பத்தேழு. ரிட்டையர் ஆக மிச்சம் இருந்தது பதின்மூன்று வருடம். நீட்ட இடமில்லை. டியூ முப்பதாயிரமானது.

அடுத்தது தண்ணீர். மேல்வீட்டுக் குளியலறைத் தரைக்கடியில் எங்கோ குழாய் விரிசல் விட்டது. கீழ்வீட்டு ஹாலின் கூரையில் முதலில் ஒரு ஈர வட்டம், பிறகு பாசி, பிறகு ஒரு நாள் காலையில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து சாப்பாட்டுத் தட்டின் பக்கத்திலேயே விழுந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்துப் பல்லைக் காட்டியது. கீழே குடியிருந்த ராஜீவ் நல்ல பையன்தான், ஆனால் அவனுக்குக் கைக்குழந்தை இருந்தது.

"அண்ணே, ஆனிக்குள்ள காலி பண்ணிடுறோம். ஆடி பொறந்தா நகர முடியாது. அட்வான்ஸ் அறுபதாயிரத்த ரெடி பண்ணிடுங்க."

அட்வான்ஸ்! அது என்றோ டியூவில் கரைந்து போயிருந்தது. பத்து நாளில் தருவதாகச் சொல்லி அனுப்பினான். "வாடகைக்கு" என்று எழுதி கேட்டில் அட்டை தொங்கவிட்டான். அட்டையை ஆடு மேய்ந்ததே தவிர ஒருவரும் வரவில்லை. துளசிங்கத்தைக் கூப்பிட்டான்.

"ஆடி மாசம் யாருண்ணே குடி மாறுவா? ஆவணில பாக்கலாம். ஆவணில விட்டுட்டா, அப்புறம் பொரட்டாசினு சில பேரு யோசிப்பாங்க. அதுக்கப்புறம் மார்கழி இருக்கு."

"நமக்கேதுடா ஆடி?"

"உங்களுக்குக் கெடையாதுண்ணே. குடி வர்றவனுக்கு இருக்கே."

பிறந்ததிலிருந்து திருத்தணியில் வளர்ந்தவன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டத்தில் நீந்தித்தான் ஒவ்வொரு வருடமும் டூட்டிக்குப் போய்வருகிறான். இருந்தாலும் அந்த மாதம் தன் கணக்கில் வந்து உட்காரும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. சர்ச்சுக் காலண்டரைப் பார்த்துப் பன்னிரண்டால் பெருக்கியவனுக்கு, வாடகை ஊர்க் காலண்டரில் வருகிறது என்பது உறைக்க இரண்டு வருடம் ஆயிற்று.

சொசைட்டிப் பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் நாற்பத்தெட்டாயிரம். மேல்வீட்டுக் கௌரியம்மாள் தரும் எட்டாயிரத்தைச் சேர்த்து, டியூவைக் கழித்தால் இருபத்தாறாயிரம். அதில் ராஜீவுக்குப் பாதி அட்வான்ஸைக் கொடுத்ததும் அந்த மாத டியூ கணக்கில் பணமில்லாமல் திரும்பிவிட்டது. பேங்கிலிருந்து ஒரு பெண் மரியாதையாகத்தான் போனில் பேசினாள். அதற்குப் பிறகு தெரியாத நம்பர் எதையும் அவன் எடுக்கவில்லை. குழாய், தரை, கூரை எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் என்றார் மேஸ்திரி.

"வித்துடலாங்க. கைய சுட்டது போதும்," என்றாள் தபிதாள்.

விற்கலாம்தான். ஒழுகுகிற வீட்டுக்கு முப்பத்தெட்டுக்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள் என்றான் துளசிங்கம். அதுவும் ஆடியில் பத்திரம் பதிய எவன் வருவான்? பேங்குக்கு இருபத்தேழு, சொசைட்டிக்கு மீதி மூன்று போனால், போட்ட பன்னிரண்டில் எட்டுதான் திரும்பும். இந்தக் கணக்கை மட்டும் நேசகுமாரால் போட முடியவில்லை. புலிவாலைப் பிடித்தவன் கதைதான். பிடித்துக்கொண்டிருக்கவும் முடியாது, விடவும் முடியாது.

அப்போதுதான் துளசிங்கம் லீஸுக்கு ஒரு பார்ட்டியைக் கொண்டுவந்தான். லீஸ் என்றால் தெரியுமே, மாத வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் குடியிருப்பார்கள். காலி செய்யும்போது அந்தத் தொகையை அப்படியே திருப்பித் தரவேண்டும்.

"அஞ்சு லட்சம், மூணு வருசம். அரக்கோணத்துல லாரி மெக்கானிக்கு, நசருல்லா பாய். இங்க ஒர்க்ஷாப் போடறாரு. அவருக்கு ஆடியும் கெடையாது மார்கழியும் கெடையாது, உங்கள மாதிரியே!" என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "பத்திரம் கேட்டா வீட்டுல இருக்குனு சொல்லுங்க. ஜெராக்ஸ் காட்டிக்கலாம். பேங்க் பேச்சே எடுக்காதீங்க."

"மூணு வருசம் கழிச்சு அஞ்சு லட்சத்துக்கு நான் எங்கடா போவேன்?"

"அடுத்த லீஸ் பார்ட்டி குடுப்பான்ண்ணே. ஊரே அப்படித்தான் ஓடிக்கினு இருக்குது."

நசருல்லா ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். ஒடிசலான மனிதர், நகக்கண்ணில் போகாத கிரீஸ் கறை. ஹாலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார். துளசிங்கம் முந்தின நாள்தான் அங்கே பட்டி பார்த்து வெள்ளையடித்திருந்தான்.

"எல்லாம் பழசா இருக்குது, இது மட்டும் புதுசா இருக்குதே சார்," என்றார். "லாரியிலயும் இப்படித்தான். பெயின்ட் அடிச்ச எடத்துலதான் அடி பட்டிருக்கும்."

"லேசா ஒழுகுது பாய். சரி பண்ணிக் குடுத்துடுறேன்."

"ஆங், அது பண்ணிக்கலாம். வாடகை கட்டிக்கினே இருந்தா காசு போயிடுது சார். வட்டிக்கு விடறதும் நமக்கு ஆகாது. லீஸுன்னா முதல் அப்படியே நிக்கும் பாருங்க. எங்க சுஹானா நிக்காவுக்குனு வெச்சது. மூணு வருசத்துல படிப்பு முடிச்சிடுவா." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பத்திரம் கைல இருக்குதுல்ல சார்?"

துளசிங்கம் நேசகுமாரின் முதுகுக்குப் பின்னால் விரலால் ஒரு குத்துக் குத்தினான்.

"வீட்டுல..." என்று நேசகுமார் தொடங்கினான். ஒரு வார்த்தைதான் பாக்கி. அதைச் சொன்னால் அடுத்த வாரம் பேங்க் பெண்ணின் மரியாதையிலிருந்து தப்பிக்கலாம், ராஜீவின் போனை எடுக்கலாம். சொல்லிவிட்டு, அதன் பிறகு ஒரு நாள் டியூ கட்ட முடியாமல் போனால்? இந்த மனுஷனின் பொருள்களை பேங்க்காரன் தெருவில் வைப்பான். இவர் மகளுடைய பணம் தன்னுடைய கூரையிலிருந்து ஒழுகிப் போயிருக்கும். வீட்டில் பெபிக்குத் தலை சீவிக்கொண்டிருக்கும் தபிதாள் நினைவுக்கு வந்தாள். நகையைக் கழற்றிக் கொடுத்த அன்றும் அவள் இப்படித்தான் அவனைக் கேட்டாள், அவனும் இப்படித்தான் தைரியமாக ஒரு பதிலைச் சொன்னான்.

"பத்திரம் பேங்க்ல இருக்கு பாய்," என்றான். "லோன் இருபத்தேழு லட்சம் பாக்கி. போன மாச டியூவும் கட்டல."

துளசிங்கம் தலையில் அடித்துக்கொண்டான். நசருல்லா மறுபடி கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப இந்த வீட்டுக்கு பேங்க்காரன்தான் சார் ஓனரு. நீங்க வாட்ச்மேன். சம்பளம் வாங்காம சம்பளம் குடுக்கற வாட்ச்மேன்." கோபமாகச் சொல்லவில்லை. "உண்மையச் சொன்னீங்களே, அது போதும். நான் வர்றேன்."

செருப்பை மாட்டியவரை துளசிங்கம் விட்டுவிடுவானா? கமிஷன் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"பாய், நில்லுங்க! அண்ணன் இருக்கற வீடு ஒண்ணு இருக்கே! அவங்க நைனா கட்டினது. பத்திரம் பீரோல, வில்லங்கம் சுத்தம். அத்த எடுத்துக்கங்க. இவங்க இங்க வந்துக்கட்டும்!"

நேசகுமார் துளசிங்கத்தைத் திரும்பி முறைத்தான். அடப்பாவி, என்ன சொல்கிறான் இவன்!

ஆனால் நசருல்லா திரும்பி, "ஒழுகுமா?" என்று கேட்டார்.

"ஒழுகாது," என்றான் நேசகுமார். அந்த வீட்டைப் பற்றி இத்தனை வருடத்தில் அவன் சொன்ன ஒரே பெருமை அதுதான்.

தபிதாள் அன்று சமைக்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் உட்கார்ந்து அழுதாள், பிறகு கத்தினாள், பிறகு பெபியின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவளே கணக்குப் போட்டாள். ராஜீவ் பாக்கி முப்பது. டியூ இரண்டு மாதத்துக்கு அறுபது. ரிப்பேர் ஒன்று இருபது. மீதி இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம்.

"இது என் பேர்ல டெபாசிட். கையெழுத்து என்னுது. நீங்க தொடக்கூடாது. பாக்கி ரெண்டு லட்சத்துப் பத்தாயிரத்த மூணு வருசத்துல சேக்கலன்னா நம்ம வீட்டுக்கு நாம திரும்பப் போக முடியாது. புரியுதா?"

"புரியுது."

"எங்க புரிஞ்சிது உங்களுக்கு," என்றாள். பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்து நசருல்லாவிடம் காட்டியதும் அவள்தான். வில்லங்கம் போட்டுப் பார்த்தபின் ரிஜிஸ்டர் ஆபீசில் லீஸ் எழுதினார்கள்.

ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் குடி மாறினார்கள். நசருல்லா சாவி கேட்ட தேதி அது. இவர்களுக்குப் பணம் வேண்டியிருந்த தேதியும் அதுதான். ரோடு முழுக்கக் காவடி, மஞ்சள் வேட்டி, அரோகரா சத்தம். கட்டிலும் பீரோவும் ஏற்றிய டெம்போ இரண்டு மணி நேரம் நகராமல் நின்றது. போகிற வருகிறவர்கள் எல்லாம் ஆடியில் வீடு மாற்றும் இந்தக் குடும்பத்தை ஒரு தினுசாகப் பார்த்தார்கள். பெபி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். இறங்கிக் கூட்டத்தில் கரைந்துவிட மாட்டோமா என்று நேசகுமாருக்கு இருந்தது. கேட்டைத் திறந்தபோது, ஆடு மேய்ந்தது போக மிஞ்சிய "வாடகைக்கு" அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

ஹாலில் கட்டிலைப் போட இடம் பார்த்தார்கள். மறுபடி தலைகாட்டிய ஈர வட்டத்துக்குக் கீழே வராதபடி எங்கே தள்ளினாலும் கதவு இடித்தது. மேஸ்திரி கிருத்திகை கழிந்துதான் வருவார் என்பதால், தபிதாள் ஒரு வாளியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

சத்தம் கேட்டு மேல்வீட்டுக் கௌரியம்மாள் படியில் பாதி இறங்கி எட்டிப் பார்த்தார். கண் கொஞ்சம் மங்கல்; வாசலில் நின்றிருந்த தபிதாளை அடையாளம் தெரியவில்லை.

"புதுசா குடி வந்துக்கினு இருக்கீங்களாம்மா? ஆடிலயா! அட்வான்ஸ் எவ்ளோ குடுத்தீங்க?"

தபிதாள் நேசகுமாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இருந்த வீட்டையே குடுத்துட்டு வந்திருக்கோம்மா," என்றாள்.

கிழவிக்குக் காதும் சரியாகக் கேட்காது. தலையை ஆட்டிவிட்டு, குளிக்க நேரமாயிற்று என்று மேலே ஏறிப் போனார். கொஞ்ச நேரத்தில் வாளியில் சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கியது.